டாப்-அப் லோனும் இலவச கார்டும்: அமீரக வங்கி விற்பனையில் வாடிக்கையாளருக்கு மிஞ்சுவது என்ன?

வங்கி தன் பழைய வாடிக்கையாளரிடம் மீண்டும் விற்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஏற்கெனவே இருப்பதையே பெரிதாக்கிக் கொடுப்பது ஒன்று: 5,000 திர்ஹம் வரம்புள்ள கார்டை 20,000 ஆக்குவது, பாதி அடைந்த லோனின் மேல் டாப்-அப் தருவது, சாதாரணக் கணக்கை மினிமம் பேலன்ஸ் அதிகமுள்ள ‘பிரீமியம்’ கணக்காக மாற்றுவது. இதை அப்செல்லிங் என்கிறார்கள். இருப்பதோடு வேறொன்றைச் சேர்த்து விற்பது இன்னொன்று: சம்பளக் கணக்கு வைத்திருப்பவருக்குக் கிரெடிட் கார்டு, கார்டு வைத்திருப்பவருக்கு ‘கிரெடிட் ஷீல்டு’ என்னும் காப்பீடு, லோன் வாங்கியவருக்கு மாதாந்திரச் சேமிப்புத் திட்டம். இது கிராஸ் செல்லிங். இரண்டுமே சட்டப்படி சரியான வியாபாரம்தான். ஒரே டாப்-அப் லோன் ஒருவரைக் கடனிலிருந்து மீட்கும், அடுத்தவரை இன்னும் இரண்டு ஆண்டு அதே கடனில் கட்டிப்போடும். அதனால் விற்கப்படும் பொருளின் பெயரைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

வளைகுடாவில் இந்தக் கணக்கு ஊரில் போடுவதைவிட முக்கியம். வேலை போனால் விசா போகிறது, விசா போனால் இருப்பிடம் போகிறது, கடன் மட்டும் நிற்கிறது. சம்பளம் வங்கி வழியாகவே வருவதால், யாருக்கு எவ்வளவு வருகிறது, தவணை எப்போது பாதி முடிகிறது என்பதெல்லாம் வங்கிக்கு முன்பே தெரியும். லோன் பாதி அடைந்த சமயம் பார்த்து அழைப்பு வருவதற்குக் காரணம் அதுதான்.

அழைப்பவர் யார் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. லேபர் கேம்ப் வாசலிலும் மால் நடைபாதையிலும் தமிழ், மலையாளம், இந்தி பேசிக்கொண்டு வரும் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ்களில் பலர் வங்கியின் நேரடி ஊழியர்கள் அல்லர். ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வழியாக வேலை செய்பவர்கள். அவர்களுடைய வருமானத்தில் பெரும்பங்கு டார்கெட்டைப் பொறுத்தது. இத்தனை கார்டு, இவ்வளவு லோன் தொகை என்று மாதக் கணக்கு இருக்கும். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் அவர்களும் விசாவை நம்பி ஓடுகிறவர்களே. ஆனால் ‘உங்களுக்கு நல்லது’ என்று அவர்கள் சொல்லும்போது எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்க வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு.

டார்கெட் மட்டுமே அளவுகோலானால் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியே சாட்சி. ஒரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கு எட்டுப் பொருள் விற்க வேண்டும் என்று அது இலக்கு வைத்தது. எட்டாத இலக்கை எட்ட ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குகளும் கார்டுகளும் திறந்தார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அனுமதியின்றித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று அடுத்த ஆண்டு வங்கியே சொன்னது. 2020இல் 300 கோடி டாலர் கட்டி வழக்குகளை முடித்துக்கொண்டது. ஒருவருக்கு எத்தனை பொருள் விற்றோம் என்று மட்டும் எண்ணி, அதில் எதை அவர் பயன்படுத்துகிறார் என்று பார்க்காமல் விட்டதே அங்கே நடந்த அடிப்படைத் தவறு.

டாப்-அப் லோனைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஷார்ஜாவில் மாதம் 6,000 திர்ஹம் வாங்கும் ஓர் ஏசி டெக்னீஷியன் 60,000 திர்ஹம் லோன் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். குறையும் நிலுவை மீது ஆண்டுக்கு 9% வட்டி, 48 மாதத் தவணை. மாதத் தவணை 1,493 திர்ஹம் வரும். மொத்த வட்டி சுமார் 11,670. எக்ஸிகியூட்டிவ் இதையே ‘ஃப்ளாட் ரேட் 4.9 சதவீதம்தான்’ என்று சொல்லியிருப்பார். அதுவும் பொய்யல்ல. தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் நான்கு ஆண்டும் வட்டி போடுவதாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு அந்த அளவுதான் வரும். ஆனால் இன்னொரு வங்கியின் வட்டியோடு ஒப்பிட இந்த எண் உதவாது. கேட்க வேண்டியது குறையும் நிலுவை மீதான ஆண்டு வட்டியை.

இரண்டு ஆண்டு தவறாமல் கட்டியபின் பாக்கி 32,683 திர்ஹம். இதற்குள் மொத்த வட்டியில் நான்கில் மூன்று பங்கு, ஏறத்தாழ 8,520, போய்விட்டது. மிச்சமுள்ள இரண்டு ஆண்டுக்கு வட்டி வெறும் 3,150தான். இனிமேல் கட்டும் ஒவ்வொரு தவணையும் பெரும்பாலும் அசலைத்தான் கரைக்கும். வாடிக்கையாளருக்கு லோன் லாபமாகத் தொடங்குகிற இந்த இடத்தில்தான் வங்கிக்கு வருமானம் வற்றத் தொடங்குகிறது.

இப்போது அழைப்பு வருகிறது. ‘திரும்ப 60,000 ஆக்கித் தருகிறோம், தவணை அதே 1,493தான், கையில் 26,000க்கு மேல் கிடைக்கும்.’ சொல்வது உண்மை. பழைய பாக்கியையும், 1% செயல்முறைக் கட்டணத்தையும், அதன் மீதான 5% வாட் வரியையும் கழித்தால் கையில் 26,687 திர்ஹம் வரும். தவணையும் மாறவில்லை. மாறியது முடியும் நாள்தான். இரண்டு ஆண்டில் முடிய வேண்டியது நான்கு ஆண்டாகிறது. கூடுதலாக வரும் 24 தவணைகளுக்கு 35,834 திர்ஹம் ஆகிறது. ஆக 26,687 கையில் வாங்கியதற்குச் செலவு 9,147 திர்ஹம், அதாவது ஒன்றரை மாதச் சம்பளம். புதிதாக வாங்கிய பணத்துக்கு மட்டும் இது வட்டி அல்ல. பாதி கரைந்த பழைய கடனையும் மறுபடி நான்கு ஆண்டுக்கு நீட்டியதற்கான விலையும் இதில் அடங்கும். பழைய லோனை முன்கூட்டியே முடிப்பதற்கு வங்கி தனிக் கட்டணம் போட்டால் இன்னும் கூடும். அந்தக் கட்டணம் பாக்கியில் 1%க்கும் 10,000 திர்ஹத்துக்கும் மேல் போகக் கூடாது என்று மத்திய வங்கியின் 2011 விதி வரம்பு கட்டியிருக்கிறது.

அவருக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பதுதான் இங்கே யாரும் கேட்காத கேள்வி. ஊரில் வீட்டுக்குக் கான்கிரீட் போட 12,000 திர்ஹம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் பழைய பாக்கியோடு சேர்த்து, மிச்சமுள்ள அதே 24 மாதத்தில் முடித்தால் தவணை சுமார் 2,065 ஆகும். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். சுமைதான், தாங்க முடியாதது அல்ல. கட்டணமும் சேர்த்துக் கூடுதல் செலவு ஏறத்தாழ 1,700 திர்ஹம். லோன் முடியும் நாளும் தள்ளிப்போகாது. 9,147க்கும் 1,700க்கும் இடையில் உள்ள தொகையில் டார்கெட்டின் பங்கு எவ்வளவு என்று யோசிக்கலாம். மாதம் 2,065 கட்டினால் வீட்டுக்கு அனுப்பப் பணமில்லை என்ற நிலை இருந்தால், 30 மாதமோ 36 மாதமோ கேட்கலாம். 48 மாதம் என்பது சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு; அத்தனை மாதம் எடுத்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இதே டாப்-அப் நன்மையாகும் இடமும் இருக்கிறது. கார்டில் 15,000 திர்ஹம் நிலுவை வைத்து, மாதா மாதம் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருப்பவரை எடுத்துக்கொள்வோம். கார்டு வட்டி மாதத்துக்கு 3.25% என்றால் ஒரு மாத வட்டி மட்டும் 487 திர்ஹம். அந்த 15,000ஐ 9% லோனில் சேர்த்துவிட்டால் முதல் மாத வட்டி 112தான். இங்கே டாப்-அப் உண்மையான உதவி. ஒரே நிபந்தனை, கார்டை அடைத்த அன்றே அதன் வரம்பைக் குறைக்க வேண்டும், முடிந்தால் கார்டையே கேன்சல் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் லோனும் இருக்கும், கார்டிலும் பழையபடி நிலுவை ஏறியிருக்கும். வாடிக்கையாளரின் நலனை நினைத்து விற்பவர் வரம்பைக் குறைக்கும் விண்ணப்பத்தையும் தானே கொண்டுவருவார். அப்படி ஒருவர் வந்தால் அவர் எண்ணை மொபைலில் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

கிராஸ் செல்லிங்கில் கணக்கு வேறு மாதிரி. அங்கே பணம் ஒரேயடியாகப் போகாமல் சிறுகச் சிறுகப் போகும். சில சமயம் பணமே போகாமல் தகுதி மட்டும் போகும். இரண்டாவதுக்கு ‘வாழ்நாள் முழுக்க இலவசம்’ என்னும் கார்டு நல்ல உதாரணம். ‘சும்மா வாங்கி வையுங்கள், ஆறு மாதம் கழித்துக் கேன்சல் செய்துகொள்ளலாம், எனக்கு ஒரு டார்கெட் ஆகும்’ என்று எக்ஸிகியூட்டிவ் நட்பாகக் கேட்பார். அமீரகத்தில் மொத்தத் தவணைகள் சம்பளத்தில் 50%ஐத் தாண்டக் கூடாது. அதைக் கணக்கிடும்போது, கார்டைத் தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் அதன் வரம்பில் 5%ஐ வங்கிகள் மாதத் தவணையாகவே எடுத்துக்கொள்கின்றன. முன்பு பார்த்த டெக்னீஷியனுக்கு உச்ச வரம்பு 3,000 திர்ஹம். 1,493 லோனுக்குப் போகிறது. 20,000 வரம்புள்ள இலவச கார்டு அலமாரியில் கிடந்தாலும் 1,000 போய்விடும். மிச்சம் 507. நாளைக்கு வீட்டில் அவசரம் என்று உண்மையான லோன் கேட்டுப் போனால் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். பலருக்குக் காரணமே தெரியாது. எந்தெந்தக் கார்டும் லோனும் தன் பெயரில் இருக்கின்றன என்று அல் எதிஹாத் கிரெடிட் பீரோவின் அறிக்கையை எமிரேட்ஸ் ஐடி கொண்டு எடுத்துப் பார்க்கலாம். கேன்சல் ஆகிவிட்டதாக நினைத்த கார்டு அதில் உயிரோடு இருப்பதைக் கண்டு திடுக்கிட்டவர்கள் நிறைய.

கிரெடிட் ஷீல்டு சிறுகச் சிறுகப் போகும் வகை. கார்டுதாரர் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ கார்டு நிலுவையை அடைக்கும் காப்பீடு இது. சிலவற்றில் வேலையிழப்பும் சேரும். கட்டணம் மாத நிலுவையில் ஒரு சதவீத அளவில் இருந்தால், 15,000 நிலுவைக்கு மாதம் 150, ஆண்டுக்கு 1,800 திர்ஹம். மாதா மாதம் முழு நிலுவையையும் கட்டிவிடுபவருக்கு இதனால் பயன் மிகக் குறைவு. வேலையிழப்புக்காக என்றால், அமீரகத்தில் 2023 ஜனவரி முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயமாகவே இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவருக்குப் பிரீமியம் மாதம் 5 திர்ஹம்தான். அடிப்படைச் சம்பளத்தில் 60%, மாதம் 10,000க்கு மிகாமல், மூன்று மாதம் வரை கிடைக்கும். குறைந்தது 12 மாதம் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும்; தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. 5 திர்ஹத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கும்போது 150 திர்ஹத்தில் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்று கேட்டாலே போதும், பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒருவரே, வேறு ஆயுள் காப்பீடு இல்லை, கார்டில் எப்போதும் பெரிய நிலுவை என்ற நிலையில் இருப்பவருக்கு இதில் அர்த்தம் உண்டு. அவருக்கும்கூட அதே பணத்தில் தனியாக ஒரு டெர்ம் பாலிசி எடுத்தால், தொகை வங்கிக்குப் போகாமல் குடும்பத்துக்குப் போகும். லோனோடு வங்கி கட்டாயமாகச் சேர்க்கும் ஆயுள் காப்பீடு வேறு, இந்த ஷீல்டு வேறு. இரண்டையும் ஒன்றுபோல் பேசி ‘இது இல்லாமல் லோன் பாஸ் ஆகாது’ என்று சொன்னால், அதை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதித் தரத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

மாதாந்திரச் சேமிப்புத் திட்டங்களில் பெரிய பள்ளம் காலம். பத்து, பதினைந்து, இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தம். வாங்குபவரின் விசாவோ இரண்டு ஆண்டு. முதல் சில ஆண்டுகளில் கட்டுவதில் கணிசமான பங்கு கட்டணங்களுக்கே போவதால், பாதியில் ஊர் திரும்புபவருக்குச் சரண்டர் தொகையாக வருவது கட்டியதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். சிலவற்றில் ஒன்றுமே வராது. விற்றவருக்குக் கமிஷன் முன்கூட்டியே கிடைத்துவிட்டதே இப்படி நடந்ததற்குக் காரணம். அதனால்தான் அமீரகத்தின் காப்பீட்டு ஆணையம் 2019ஆம் ஆண்டின் 49ஆம் எண் தீர்மானத்தைக் கொண்டுவந்து கமிஷனுக்கு உச்ச வரம்பு வைத்தது. 2020இல் அது நடைமுறைக்கு வந்தது. பாலிசியை வாங்கியபின் 30 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமையும் இதில் உண்டு. ‘ஐந்தாம் ஆண்டில் நான் ஊருக்குப் போனால் எவ்வளவு வரும்? அந்த அட்டவணையைக் காட்டுங்கள்’ என்ற ஒரு கேள்வியை முன்பே கேட்டுவிட்டால் இந்த 30 நாள் தேவையே படாது.

மற்ற வங்கிப் பொருள்களுக்கு அமீரக மத்திய வங்கியின் நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறை (2020) இரண்டு நல்ல ஆயுதங்கள் தந்திருக்கிறது. கையெழுத்துக்கு முன்பே, வட்டி, கட்டணம், மொத்தச் செலவு, அபாயம் எல்லாம் சுருக்கமாக எழுதிய முக்கிய விவரத் தாளை வங்கி கொடுக்க வேண்டும். டேப்லெட்டில் விரலால் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு மின்னஞ்சல் அனுப்புவது இதற்கு ஈடாகாது. கையெழுத்திட்டபின் முழுதாக ஐந்து வேலை நாள் யோசிக்க அவகாசம் உண்டு, அதற்குள் விலகிக்கொள்ளலாம். ஆனால் இந்த அவகாசத்தை வாடிக்கையாளரே எழுதிக் கொடுத்து விட்டுவிடவும் முடியும். நடைமுறையில் ஓட்டை இங்கேதான். ‘இங்கே ஒரு சைன் போட்டால் இன்றே பணம் அக்கவுண்டில்’ என்று நீட்டப்படும் தாள் பல சமயம் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் தாளாகவே இருக்கும். பணம் ஒரு வாரம் பொறுக்கும் என்றால் அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாமல் விடலாம்.

போன் தொல்லைக்கும் 2024 ஆகஸ்ட் 27 முதல் சட்டம் இருக்கிறது. விற்பனை அழைப்புகள் காலை 9 முதல் மாலை 6 வரை மட்டுமே வரலாம். அழைக்க வேண்டாதோர் பட்டியலில் பதிந்த எண்ணுக்கு வரக் கூடாது, தனிநபர் மொபைல் எண்ணிலிருந்தும் வரக் கூடாது. மீறினால் அபராதம்.

டாப்-அப்பை ஏற்பதென்று முடிவெடுத்தவர்கள் மறந்துவிடும் ஒன்று பழைய செக். லோன் எடுக்கும்போது கையெழுத்திட்டுக் கொடுத்த உத்தரவாதச் செக் வங்கியிடம் இருக்கும். புது லோனுக்குப் புதுச் செக் கொடுக்கும்போது பழையதைத் திரும்ப வாங்க வேண்டும், பழைய லோன் முடிந்ததற்குக் கிளியரன்ஸ் லெட்டரும் வாங்க வேண்டும். கார்டை அடைத்தாலும் இதே கடிதம் வேண்டும்.

கேட்காத பொருள் தலையில் கட்டப்பட்டுவிட்டால் முதலில் செய்ய வேண்டியது அதே வங்கியில் எழுத்தில் புகார். கிளையில் வாய்வார்த்தையாகச் சொல்வதும், விற்ற எக்ஸிகியூட்டிவுக்கு வாட்ஸ்அப் அனுப்புவதும் புகாராகாது. அவர் ஏற்கெனவே வேறு வங்கிக்குப் போயிருக்கலாம். புகார்ப் பிரிவுக்கு அனுப்பி எண் வாங்க வேண்டும். எந்தத் தேதியில், எந்த வரியில் கட்டணம் பிடிக்கப்பட்டது என்று ஸ்டேட்மென்ட்டைக் காட்டி, ‘இதற்கு நான் கொடுத்த ஒப்புதலின் நகல் வேண்டும்’ என்று கேட்பதே வலுவான புகார். ஒப்புதல் இருந்ததை வங்கி அப்போது காட்டியாக வேண்டும். ஒலிப்பதிவு இருப்பதாகச் சொன்னால் அதைக் கேட்க வேண்டும் என்றும் எழுதலாம். எக்ஸிகியூட்டிவ் அனுப்பிய பழைய செய்திகளை அழிக்கக் கூடாது. ‘இலவசம்’, ‘கட்டாயம்’, ‘எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்’ என்று அவர் எழுதியிருந்தால் அதுவே பெரிய சான்று.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ சனதக் அமைப்பிடம் போகலாம். வங்கி, காப்பீட்டுப் புகார்களுக்காக மத்திய வங்கி 2023இல் அமைத்த தனி முறையீட்டு அமைப்பு அது, sanadak.gov.ae தளத்தில் புகார் பதியலாம். வங்கியிடம் முதலில் புகார் செய்த எண் இல்லாமல் போனால் அங்கே எடுக்க மாட்டார்கள். அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். மத்திய வங்கியின் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். துபாய் சர்வதேச நிதி மையத்திலும் அபுதாபி குளோபல் மார்க்கெட்டிலும் பதிந்த முதலீட்டு ஆலோசகர்கள் தனிக் கண்காணிப்பின் கீழ் வருகிறார்கள். அவர்கள் மீதான புகார் அந்தந்த மையத்தின் ஒழுங்குமுறை அமைப்புக்குத்தான் போக வேண்டும். சேமிப்புத் திட்டம் விற்பவரின் விசிட்டிங் கார்டில் உரிமம் யாருடையது என்பதைப் பார்த்துக்கொள்வது இதனால் பின்னால் உதவும்.

அண்டை நாடுகளில் எண்கள் மாறும். சவூதியில் தனிநபர் லோன் தவணை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், குவைத்தில் 40%க்குள். வரம்பு இறுக்கமாக உள்ள இடத்தில், பயன்படாத கார்டு ஒன்று அடைத்துக்கொள்ளும் பங்கும் அதற்கேற்பக் கூடும். சவூதியில் வங்கி பதில் தராத புகாரை அந்நாட்டு மத்திய வங்கியான சாமாவின் நுகர்வோர் சேவைக்குக் கொண்டுபோகலாம். அங்கேயும் வங்கியில் பதிந்த புகார் எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.